திருத்தாமல் போகும் பதில் சரியான பதில்தானா?

*கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து 9 பேர். வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் நாளொன்றுக்கு 600 செய்திகள் வரும். மூன்று மாதமாக ஒரு மென்பொருள் பதிலை எழுதிக் காட்டுகிறது. நாங்கள் பார்த்துத் திருத்தி அனுப்புகிறோம். கணக்கெடுத்ததில் நூற்றுக்கு 85 பதில்கள் ஓர் எழுத்துகூட மாறாமல் போகின்றன. "அப்படியானால் நடுவில் ஆள் எதற்கு? நேராகவே போகட்டும்" என்கிறார் முதலாளி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று 700 பேர் செய்யும் வேலையை இப்படி மாற்றிவிட்டதாகச் செய்தியும் காட்டினார். அவர் சொல்வது நியாயமாகவும் படுகிறது, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?*

*வாசகி, கோவை*

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். முடிவு முழுவதும் அந்த 85 என்ற எண்ணின்மேல் நிற்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வரைவு திருத்தப்படாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வரைவு சரியாக இருந்திருக்கலாம். அல்லது அதை யாரும் படிக்காமல் இருந்திருக்கலாம். கணக்கேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் பதிவாகும். மென்பொருள் தேறத் தேறத் திருத்தம் குறையும். ஊழியர்கள் களைக்கக் களைக்கவும் திருத்தம் குறையும். உங்கள் 85இல் எவ்வளவு முதல் வகை, எவ்வளவு இரண்டாம் வகை என்று தெரியாதவரை, அந்த எண்ணை வைத்து ஆளை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்ய முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டு உபயோகப் பொருள்களை விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சில காலம் ஆலோசகராக இருந்தேன். அங்கும் உங்களிடம் இருப்பதைப் போன்ற ஏற்பாடுதான். ஓர் அம்மா எழுதியிருந்தார்: மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், இங்கே வாங்கிய டேபிள் டாப் கிரைண்டரை அனுப்பலாமா, அங்கே ஓடுமா? மென்பொருள் அழகான தமிழில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தது. தாராளமாக அனுப்பலாம், அங்குள்ள பிளக் வடிவம் வேறு என்பதால் ஓர் அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஊழியர் அனுப்பிவிட்டார்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது. பாதி வோல்டேஜில் மோட்டாரின் இழுவிசை ஏறக்குறைய கால் பங்காகிவிடும். மாவு நிரம்பிய பாத்திரத்தை அந்த விசையால் நகர்த்த முடியாது. சுற்றாமல் 'உம்' என்று இரைந்துகொண்டே சுருள் சூடேறும். அந்தப் பெண், சற்று நேரத்தில் சுற்றத் தொடங்கும் என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறார். கருகிய வாடை வந்த பிறகுதான் அணைத்தார். கிரைண்டரின் விலையைவிட அதை அனுப்பிய செலவு அதிகம்.

நான் பதிவைத் திறந்து பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. வரைவு திரைக்கு வந்ததிலிருந்து அனுப்பும் பொத்தான் அழுத்தப்பட்டதுவரை 9 விநாடிகள். அத்துடன், கணக்கில் அது 'திருத்தப்பட்ட பதில்' என்றே பதிவாகியிருந்தது. ஊழியர் உண்மையிலேயே ஒரு திருத்தம் செய்திருந்தார்: 'வணக்கம் சார்' என்பதை 'வணக்கம் அம்மா' என்று மாற்றியிருந்தார். அவர் சோம்பேறி அல்லர். அந்தக் குழுவிலேயே பொறுப்பானவர்களில் ஒருவர். வோல்டேஜ் வித்தியாசம் தெரியாதவரும் அல்லர். நேரில் கேட்டிருந்தால் அரை விநாடியில் சொல்லியிருப்பார். "தமிழ் அவ்வளவு நன்றாக இருந்தது, அதனால் விஷயமும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார். அதை நான் மறக்கவே இல்லை. நமக்கெல்லாம் பழக்கமான எச்சரிக்கை மணி, எழுத்துப் பிழையும் தடுமாறும் வாக்கியமும்தான். விஷயம் தெரியாதவர் எழுதினால் எழுத்திலேயே அது தெரிந்துவிடும். இந்த மென்பொருள்கள் தெரியாததையும் தடுமாறாமல் எழுதுவதால் அந்த மணி அடிப்பதே இல்லை.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் மென்பொருளின் பதிவில் வரைவு தோன்றிய நேரத்தையும் அனுப்பிய நேரத்தையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இது பதிவாகியிருக்கும். இல்லையென்றால் விற்றவர்களைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரின் செய்தியையும் நாலைந்து வரி வரைவையும் நிதானமாகப் படிக்க அரை நிமிடமாவது ஆகும். பில்லையோ மாடல் எண்ணையோ திறந்து பார்த்தால் இன்னும் கூடும். மாறாமல் போன பதில்களில் 10 விநாடிக்குள் போனவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால், உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே தானியங்கிப் பதில்தான் நடக்கிறது. பெயருக்கு ஓர் ஆள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தவறு நடந்தால் பழி விழுவதற்கு மட்டும் அவர் இருக்கிறார் என்பதால் இது முழுத் தானியங்கியைவிட மோசமான நிலை என்பது என் கருத்து.

இப்படி ஆவதற்கு ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை பதில் என்று இலக்கு வைத்திருந்தீர்கள், இப்போது எத்தனை என்று பாருங்கள். வரைவு வந்ததும் இலக்கை உயர்த்தாத நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. 60 பதில் எழுதியவரிடம் 110 கேட்டால், அந்த 110ஐயும் படித்துச் சரிபார்க்க அவருக்கு நேரம் இருக்காது. எழுதுவது ஒரு வேலை, எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது வேறொரு வேலை. இரண்டாவதுதான் அதிக அலுப்பு தரும். வரிசையாக இருபது வரைவுகள் சரியாக இருந்துவிட்டால் இருபத்தொன்றாவதைக் கண் தானாகத் தாண்டிவிடும். விமானிகள், ஆலை இயக்குநர்கள் விஷயத்தில் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இல் எழுதிய கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: எந்திரத்தை ஓட்டவிட்டு மனிதரைக் கண்காணிக்கச் சொன்னால், மனிதருக்கு எது வராதோ அந்த வேலையையே அவருக்கு மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கு அறிவுரையால் பயனில்லை. 'கவனமாகப் படியுங்கள்' என்று சுவரில் ஒட்டினால் ஒரு வாரம் படிப்பார்கள். வரைவின் அமைப்பையே மாற்ற வேண்டும். பதிலில் தவறினால் கேடு விளைவிக்கும் இடம் எது என்று பார்த்து, அதை வெற்றிடமாக விடச் சொல்லுங்கள். மாடல் எண், வாங்கிய தேதி, வோல்ட், திருப்பித் தரும் தொகை ஆகியவற்றை மென்பொருள் நிரப்பக் கூடாது. ஊழியர் பில்லைப் பார்த்துக் கையால் இட வேண்டும். இடாமல் பதில் போகக் கூடாது. நான் சொன்ன இடத்தில் 'உங்கள் மாடல் ____ வோல்ட்டில் இயங்குவது' என்று ஒரு வெற்றிடம் இருந்திருந்தால் அந்த ஊழியர் அங்கே நின்றிருப்பார், தெரிந்ததை எழுதியிருப்பார். இதனால் பதில் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து விநாடிகள் கூடும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் வாதாடுங்கள். அதோடு, வரைவின் பக்கத்திலேயே அது எந்தப் பழைய பதிலிலிருந்து, எந்தக் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அதன் தேதியும் தெரிய வேண்டும். பழைய பதில்களைப் படித்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள், நீங்கள் போன வருடம் மாற்றிய உத்தரவாதக் காலத்தை இன்னும் பழைய கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருக்கும். தேதியைப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

இனி, எந்தக் கேள்விகளை ஆளில்லாமல் விடலாம் என்ற விஷயம். எதையுமே விடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பார்சல் எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு ஓர் ஆள் எண்ணைத் தேடி எடுத்துச் சொல்லும்வரை காத்திருப்பதில் எந்த நன்மையும் இல்லை. ஆனால் எதை விடலாம் என்பதை உங்கள் திருத்தக் கணக்கிலிருந்து முடிவு செய்யாமல், தனியாக ஒரு சோதனை செய்து முடிவு செய்யுங்கள்.

ஒரு கேள்வி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் வாடிக்கையாளரின் செய்தியை மட்டும் கொடுங்கள். வரைவைக் காட்டாதீர்கள், இதுதான் முக்கியம். சரியான பதிலில் என்னென்ன விஷயங்கள் இருக்க வேண்டும் என்று அவர் இரண்டு வரியில் எழுதட்டும். பிறகு வரைவைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வணக்கம், நடை, பணிவு எதையும் பார்க்க வேண்டாம். விஷயம் சரியா தவறா என்பது மட்டும் போதும். முதலில் வரைவைக் காட்டிவிட்டு 'சரியா?' என்று கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும்.

எத்தனை சோதிப்பது? புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பிழைகூட இல்லாமல் இத்தனை பதில்களைச் சோதித்தோம் என்றால், 3ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான பிழை விகிதம் அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 60 பதில்களில் பிழை இல்லையென்றால் 3ஐ 60ஆல் வகுக்க நூற்றுக்கு 5 வரும். 300இல் பிழை இல்லையென்றால் நூற்றுக்கு 1. பார்சல் கேள்வி நாளொன்றுக்கு 200 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பார்த்துப் பிழை இல்லாத பிறகும், தினம் 2 பேருக்குத் தவறான பதில் போகக்கூடும் என்பதுதான் இதன் பொருள். பார்சல் விஷயத்தில் அந்த இருவர் மறுபடி கேட்பார்கள், அவ்வளவுதான். உத்தரவாதத்தில் சேருமா சேராதா என்ற கேள்வியில் அந்த இருவர் உங்கள் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள். ஒரே பிழை விகிதத்தை ஒரு வகையில் ஏற்கலாம், இன்னொரு வகையில் ஏற்கவே முடியாது. எந்த வகையில் எத்தனை பேர்வரை தாங்கும் என்று முதலாளியே எழுதிக் கொடுக்கட்டும். அது தொழில் முடிவு, மென்பொருள் முடிவு அல்ல.

உங்கள் தொழிலில் நான் கடைசிவரை ஆளை வைத்திருக்கும் வகை 'சுற்றவில்லை' என்பது. தமிழில் இந்த ஒரு சொல்லில் மூன்று பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, பாத்திரம் மட்டும் சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். 'உம்' என்ற இரைச்சல் மட்டும் வந்தால் கெப்பாசிட்டரையோ கல் இறுகியிருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், ஒயர், பிளக். வாடிக்கையாளர் ஆங்கில எழுத்தில் தமிழை அரைகுறையாகத் தட்டி 'சுத்தல' என்று மட்டும் அனுப்புவார். நல்ல ஊழியர் உடனே "சத்தம் ஏதாவது கேட்கிறதா?" என்று திருப்பிக் கேட்பார். மென்பொருளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் உண்டு. முந்தைய பதில்களில் பெல்ட் அதிகம் என்றால் பெல்ட்டை மாற்றச் சொல்லிவிடும். இந்த வகையில் வரைவே வேண்டாம், திருப்பிக் கேட்கும் கேள்வியை மட்டும் எழுதிக் காட்டட்டும் என்று அமைத்துவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, மிக ஆபத்தான ஒரு வகையை ஆளுக்குக் காத்திராமல் உடனே தானியங்கியாகவே அனுப்பச் சொல்வேன். 'தொட்டால் சுர்ரென்கிறது', 'கரண்ட் அடிக்கிறது', 'புகை வருகிறது' என்று வரும் செய்திகள். காரணம் வீட்டின் எர்த் ஆக இருக்கலாம், மோட்டாரில் கசிவாக இருக்கலாம். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரவு 11 மணிக்கு வரும் அந்தச் செய்திக்குக் காலை 9 மணிவரை காத்திருக்க முடியாது. அந்தச் சொற்கள் இருந்தால் போதும், நீங்களே உட்கார்ந்து எழுதி, உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் பார்த்து ஒப்புக்கொண்ட மூன்று வரிகள் அப்படியே போக வேண்டும்: கிரைண்டரைத் தொடாதீர்கள், சுவரில் உள்ள சுவிட்சை உலர்ந்த கையால் அணைத்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள், நாங்கள் அழைக்கும்வரை மறுபடி போடாதீர்கள். மென்பொருள் இதில் ஒரு சொல்லையும் தானாகச் சேர்க்கக் கூடாது. பிறகு ஆள் அழைக்க வேண்டும். தவறுதலாக வேறு யாருக்காவது இது போய்விட்டாலும் பெரிய நட்டம் இல்லை.

பார்சல் கேள்வியிலும் ஒரு கண்ணி உண்டு. 'பார்சல் எங்கே? போன தடவையே கல் உடைந்து வந்தது, அதற்கே இன்னும் பதில் இல்லை' என்று வரும். மென்பொருள் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லி 'மகிழ்ச்சி' என்று முடித்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? ஒரு செய்தியில் ஒரு விஷயத்துக்கு மேல் இருந்தால் அது ஆளிடம் போக வேண்டும் என்று விதி வையுங்கள். நேரலையில் விடுமுன் இரண்டு வாரம், தானியங்கிப் பதிலை அனுப்பாமல் பின்னணியில் சேமித்து மட்டும் வையுங்கள். அதே செய்திக்கு உங்கள் ஆட்கள் என்ன எழுதினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி கண்ணிகள் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும்.

முதலாளி காட்டிய செய்தி ஸ்வீடனின் கிளார்னா நிறுவனத்தைப் பற்றியதாக இருக்கும். 2024 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், தங்கள் தானியங்கி உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கவனித்ததாகவும், மொத்த உரையாடல்களில் மூன்றில் இரண்டு பங்கு அது என்றும், 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் தலைவர், செலவுக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்ததில் தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு, சேவைக்கு மறுபடி ஆட்களை எடுக்கத் தொடங்கினார். இரண்டு செய்தியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் காட்டுங்கள். ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த தானியங்கி, பாட்டி இறந்துபோன ஒரு பயணியிடம், டிக்கெட் எடுத்த 90 நாள்களுக்குள் விண்ணப்பித்தால் துக்கக் காலச் சலுகை கிடைக்கும் என்று சொன்னது. உண்மையான விதிப்படி பயணம் முடிந்த பிறகு அந்தச் சலுகை கிடையாது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்வு மன்றத்துக்குப் போனது. தானியங்கி சொன்னதற்கு அதுவேதான் பொறுப்பு என்பதுபோல நிறுவனம் வாதாடியது. இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சரியான விதி அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்ததே என்ற வாதமும் எடுபடவில்லை. ஒரு பக்கத்தை நம்பலாம், இன்னொன்றை நம்பக் கூடாது என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும் என்று மன்றம் கேட்டது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 'இது மென்பொருளின் பதில்' என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று முதலாளி நினைத்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் 9 பேரைப் பற்றி. பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீங்கள் செய்யும் இதே வேலையைப் பற்றியது: மென்பொருள் பதிலைப் பரிந்துரைக்கும், ஊழியர் ஏற்கலாம், தள்ளலாம். 5,179 ஊழியர்களைப் பார்த்ததில், மணிக்குத் தீர்த்து முடிக்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. அனுபவமும் திறமையும் மிக்கவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. திறமையானவர்களின் பழைய உரையாடல்களிலிருந்து மென்பொருள் கற்றுக்கொண்டதைத்தான் புதியவர்கள் பெற்றுக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உங்கள் குழுவில் பத்து வருடமாகக் கிரைண்டரோடு பழகியவர்கள் ஒருவரோ இருவரோ நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு வரைவால் லாபம் இல்லை, தொந்தரவுதான். அவர்களை வரைவிலிருந்து விடுவியுங்கள். நான் மேலே சொன்ன சோதனையை, வரைவைப் பார்க்காமல் பதிலெழுதி ஒப்பிடும் வேலையை, அவர்களிடம் கொடுங்கள். வாரத்துக்கு 100 பதில்கள் போதும். அவர்கள் கண்டுபிடிக்கும் பிழைகளிலிருந்து வெற்றிடம் எங்கே வர வேண்டும், எந்தப் பழைய பதிலை அழிக்க வேண்டும் என்ற பட்டியல் தானாக உருவாகும். புதியவர்கள் வரைவை வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும்; ஆனால் முதல் மாதம் நாளொன்றுக்குப் பத்துச் செய்திகளுக்காவது வரைவு இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். வோல்டேஜ் கேள்வியில் நிற்க வேண்டும் என்பது அப்படி எழுதித்தான் கைக்கு வரும்.

முதலாளியிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டியது 6 வாரம். முதல் வாரம் நேரப் பதிவை எடுங்கள், அடுத்த மூன்று வாரம் பார்சல் வகையில் 300 பதில்களைச் சோதியுங்கள், மிச்ச இரண்டு வாரம் பின்னணியில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பார்சல் கேள்விகளை ஆளில்லாமல் விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போது மிச்சமாகும் நேரத்துக்கு அளவாக இலக்கை உயர்த்தாமல் இருப்பார் என்ற உறுதியையும் முன்கூட்டியே அவரிடம் வாங்கிவிடுங்கள். நேரப் பதிவில் என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள். 10 விநாடிக்குள் போனவை எத்தனை என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.